ஒரே பக்கத்துக்குள் வந்த திட்டச் சாசனம்: என் அனுபவம்

பொருள் வழங்குவோரின் பில்களுக்கு ஒப்புதல் தரும் முறையைச் சீரமைக்கும் திட்டத்துக்கு, அதன் நோக்கம், ஆதரவாளர், எல்லை ஆகியவற்றைச் சொல்லும் ஆவணமாக நான் முதலில் எழுதிய சாசனம் ஆறு பக்கம் நீண்டது. அதன் நோக்கமோ "புதிய மென்பொருளை நிறுவுதல்" என்றிருந்தது. மென்பொருள் வழிதானே தவிர நோக்கமன்று என்பதால், "பில் வந்த நாள் முதல் பணம் செலுத்தும் நாள் வரை ஆகும் சராசரி 21 நாட்களை 10 நாட்களாகக் குறைத்தல்" என்று மாற்றினேன். அத்துடன் வெற்றிக்கான அளவுகோலும் பாதி அமைந்துவிட்டது. எந்தப் பதிவேட்டைக் கொண்டு, யார், எப்போது கணக்கிடுவார் என்பதை மட்டும் சேர்த்தேன்.

ஆதரவாளர் என்ற இடத்தில் "வழிநடத்தும் குழு" என்று எழுதியிருந்தேன். கூடுதல் நிதி கேட்டபோது குழுவில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினர். ஆகவே, நிதி ஒதுக்கவும் தேவையானால் திட்டத்தையே நிறுத்தவும் அதிகாரமுள்ள நிதித்துறைத் தலைவர் ஒருவரின் பெயரை மட்டும் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

திட்டத்தின் எல்லையைச் சொல்லும் பகுதியில் எவை சேரும் என்பதைவிட எவை சேரா என்பதே பயன்பட்டது. "ஊழியர்களின் பயணச் செலவு பில்கள் இதில் அடங்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இரண்டாம் மாதத்தில் வேறொரு துறை அவற்றையும் சேர்க்கச் சொன்னபோது, வாக்குவாதமின்றி அதை எல்லை மாற்றத்துக்கான கோரிக்கையாக ஆதரவாளரின் முடிவுக்கு அனுப்ப முடிந்தது. கால அட்டவணையும் இடர்ப் பட்டியலும் இணைப்புக்குப் போயின; சாசனம் ஒரே பக்கத்துக்குள் அடங்கியது.