எதால் வகுப்பது? எழுத்தறிவு, வேலையின்மை விகிதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு விகிதத்தைப் பார்த்ததும் நாம் மேலே இருக்கும் தொகுதியைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை பேர் படித்தவர்கள், எத்தனை பேர் வேலையில்லாதவர்கள் என்று கேட்கிறோம். கீழே இருக்கும் பகுதியில் யாரெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பகுதியில் இடம்பெறும் ஒவ்வொருவரும் தொகுதிக்குள் வரக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. எந்நாளும் உள்ளே வர முடியாத கூட்டத்தைக் கீழே சேர்த்தால் விகிதம் காரணமில்லாமல் சரியும்.

எழுத்தறிவில் இது தெளிவாகத் தெரியும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரை எழுத்தறிவு பெற்றவர் என்கிறது. ஏழு வயது நிறையாத குழந்தை சரளமாகப் படித்தாலும் அந்தக் கணக்கில் வராது. அப்படியானால் அந்தக் குழந்தைகளைக் கீழேயும் சேர்க்கக் கூடாது. இன்று வெளியிடப்படும் எழுத்தறிவு விகிதம், ஏழும் அதற்கு மேலும் வயதானவர்களால் வகுக்கப்பட்டது.

ஆனால் எல்லாக் காலத்திலும் இப்படி இல்லை. 1991-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வேறு வயது எல்லைகள் இருந்தன. 1981-ஆம் ஆண்டுக்கு மட்டும் இந்தியாவுக்கு மூன்று எண்கள் கிடைக்கும். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 36.2 சதவீதம், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரால் வகுத்தால் 41.4, ஏழு வயதுக்கு மேற்பட்டோரால் வகுத்தால் 43.6. மூன்றும் ஒரே நாட்டின், ஒரே ஆண்டின் எண்களே. 1991-இன் விகிதம் 52.2. பழைய அட்டவணையிலிருந்து 36.2-ஐயும் புதியதிலிருந்து 52.2-ஐயும் எடுத்து அருகருகே வைப்பவர், பத்தாண்டுகளில் 16 புள்ளி முன்னேற்றம் என்று எழுதிவிடுவார். ஒரே வயது எல்லையில் ஒப்பிட்டால் முன்னேற்றம் 8.6 புள்ளிதான். மீதிப் பாதியை எந்தப் பள்ளிக்கூடமும் கொண்டுவரவில்லை. குழந்தைகளைக் கணக்கிலிருந்து எடுத்ததால் வந்தது அது.

மாநிலங்களை ஒப்பிடும்போதும் இதே கோளாறு வரும். மொத்த மக்கள்தொகையால் வகுப்பது எல்லா மாநிலத்தையும் ஒரே அளவில் கீழிறக்கினால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படி இறக்குவதில்லை. 2011-இல் பீகார் மக்களில் 18 சதவீதத்துக்கு மேல் ஆறு வயது வரையிலான குழந்தைகள். கேரளத்தில் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. அதனால் பீகாரின் 61.8 சதவீதம் 50.4 ஆகச் சரிகிறது, கேரளத்தின் 94 சதவீதம் 84.2 ஆகச் சரிகிறது. குழந்தைகள் அதிகம் பிறக்கும் மாநிலத்துக்குக் கூடுதல் தண்டனை விழுகிறது. பிறப்பு விகிதத்தின் வேறுபாடு கல்வியின் வேறுபாடாக வேடம் போட்டுக்கொள்கிறது.

பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு செய்தி சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொகுதியை விகிதத்தால் திருப்பி வகுத்துப் பாருங்கள். 2011-இல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் சுமார் 5.18 கோடி, விகிதம் 80.1 சதவீதம். 5.18-ஐ 0.801-ஆல் வகுத்தால் 6.47 கோடி வருகிறது. மாநிலத்தின் மக்கள்தொகையோ 7.21 கோடி. விடுபட்ட 74 லட்சம் பேர் யார்? ஆறு வயது வரையிலான குழந்தைகள். கணக்கெடுப்பின் எண்ணோடு அது பொருந்துகிறது. ஒப்பிடப் போகும் இரண்டு விகிதங்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால், பகுதிகள் ஒன்றா வேறா என்பது தெரிந்துவிடும். இலங்கையோடு ஒப்பிடுபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். அங்கே கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதம் பத்து வயதிலிருந்து தொடங்குகிறது.

வேலையின்மைக்கு வந்தால் சிக்கல் ஆழமாகிறது. இங்கே பகுதி வயதை மட்டும் பொறுத்ததன்று. வேலை செய்பவர்களும், வேலை தேடுபவர்கள் அல்லது வேலை கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்பவர்களும் சேர்ந்த கூட்டத்தைத் தொழிலாளர் படை என்கிறோம். வேலையின்மை விகிதம் அதனால்தான் வகுக்கப்படுகிறது. மாணவர், ஓய்வுபெற்றவர், வீட்டுப் பணிகளை மட்டும் பார்ப்பவர் இதில் இல்லை. ஆகவே 'வேலையின்மை 5 சதவீதம்' என்றால் '95 சதவீத மக்களுக்கு வேலை இருக்கிறது' என்று பொருள் கொள்வது முதல் தவறு. இந்தத் தவறு நல்ல நாளிதழ்களிலும் நுழைந்துவிடுகிறது.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. விகிதம் குறைந்தால் வேலையற்றோர் குறைந்துவிட்டார்கள் என்று எண்ணுவது அது. இந்தியப் பெண்களின் எண்களையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் வேலையின்மை 2017-18-இல் 5.6 சதவீதம், 2023-24-இல் 3.2 சதவீதம். பெரிய வீழ்ச்சிதான். இப்போது ஆயிரம் பெண்களை வைத்துக் கணக்குப் போடுவோம். 2017-18-இல் தொழிலாளர் படையில் இருந்தவர்கள் 233 பேர், அதில் 5.6 சதவீதம் என்றால் 13 பேர் வேலையற்றவர்கள். 2023-24-இல் தொழிலாளர் படையில் 417 பேர், அதில் 3.2 சதவீதம் என்றால் மறுபடியும் 13 பேர். ஆயிரம் பெண்களில் வேலையற்றோர் எண்ணிக்கை அசையவே இல்லை. பகுதி வீங்கியதால் விகிதம் மெலிந்தது.

பகுதியை வீங்க வைத்தவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. கூடுதலாக வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் வேலையில் இருப்பவர்களாகவே பதிவாகியிருக்கிறார்கள். அதே காலத்தில், வேலை செய்யும் பெண்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு சுமார் 52-லிருந்து 67 சதவீதமாக உயர்ந்தது. குடும்ப வயலிலோ கடையிலோ கூலியில்லாமல் உதவுபவரும் இந்த 'சுயதொழில்' வகைக்குள்தான் வருகிறார். ஆகவே அந்த வீழ்ச்சியைச் சம்பள வேலை பெருகியதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: தேடிச் சலித்தவர்கள் முயற்சியைக் கைவிட்டால், ஒரு வேலைகூட உருவாகாமலே விகிதம் இறங்கும். எனவே வேலையின்மை விகிதத்தைத் தனியாக மேற்கோள் காட்டாதீர்கள். மொத்த மக்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விகிதத்தையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

மூன்றாவது தவறு, பகுதியையும் தொகுதியையும் கொண்ட வாக்கியத்தைத் தலைகீழாக்குவது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனித வளர்ச்சி நிறுவனமும் 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, வேலையற்றோரில் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் இளைஞர்கள் என்றது. இதையே 'இளைஞர்களில் 83 சதவீதம் பேருக்கு வேலையில்லை' என்று திருப்பிச் சொன்னால், பகுதி வேலையற்றோரிலிருந்து இளைஞர்களுக்குத் தாவிவிடுகிறது. 15 முதல் 29 வயது வரையிலானவர்களின் வேலையின்மை விகிதம் 2023-24-இல் 10.2 சதவீதம். அதுவும் தொழிலாளர் படையில் இருக்கும் இளைஞர்களால் வகுத்தது. படித்துக்கொண்டிருப்பவர்களையும் சேர்த்து எல்லா இளைஞர்களாலும் வகுத்தால் ஐந்து சதவீதத்துக்கும் கீழே வரும்.

83 ஒரு பங்கு. வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை அது அளப்பதில்லை. வேலையற்ற நூறு பேரில் 83 பேர் இளைஞர்கள், 17 பேர் மூத்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களில் பத்துப் பேருக்கு நாளை வேலை கிடைக்கிறது. மீதமிருக்கும் 90 பேரில் இளைஞர்கள் 83 பேர், அதாவது 92 சதவீதம். எந்த இளைஞரும் வேலையை இழக்காமலே அந்தப் பங்கு ஒன்பது புள்ளி ஏறிவிடுகிறது.