பிரசர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சிறுநீரகம் எப்படித் தீர்மானிக்கிறது: வரைபுத்தாளில் படிப்படியாக

கிளினிக் கொப்பியில் 154/94 என்று எழுதிக்கொண்டு வெளியே வருகிற எவரிடமும் காரணம் கேட்டுப் பாருங்கள். யோசனை என்பார், நித்திரை இல்லை என்பார், இரத்தக் குழாய் இறுகிவிட்டது என்பார். இவை எல்லாம் பிரசரைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றக்கூடியவைதான். ஆனால் மாசி மாதமும் 154, ஆவணி மாதமும் 154 என்று அதை ஒரே இடத்தில் பிடித்துவைத்திருப்பது எது? அந்த வேலையில் பெரிய பங்கு சிறுநீரகத்துடையது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் இருந்த ஆர்தர் கைட்டன் என்ற உடற்றொழிலியலாளர் இதை இரண்டே கோடுகளால் விளக்கினார். உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கும் தாதிய மாணவருக்கும் அந்தப் படத்தை இங்கே கீறிக் காட்டுகிறேன். ஒரு வரைபுத்தாளும் பென்சிலும் போதும்.

படி 1: அச்சுகள்

கிடை அச்சில் சராசரிக் குருதியமுக்கம், 60 முதல் 140 வரை. அலகு மில்லிமீற்றர் இரசம். சராசரி என்றால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டி இரண்டால் பிரிப்பதல்ல, ஏனென்றால் இதயம் சுருங்கும் நேரத்தைவிட விரிந்திருக்கும் நேரம் அதிகம். கீழ் எண்ணோடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் மூன்றிலொரு பங்கைக் கூட்ட வேண்டும். 120/80 என்றால் 80 + 13, அதாவது 93. நம்முடைய 154/94 என்றால் 94 + 20, அதாவது 114.

நிலை அச்சில் ஒரு நாளைய உப்பு, கிராமில். 0 முதல் 20 வரை போதும்.

படி 2: உள்ளே வரும் உப்பு

ஒரு வீட்டில் நாலு பேர். ஒரு கிலோ உப்புப் பக்கற் 25 நாளில் முடிகிறது என்று வையுங்கள். 1000 கிராமை நாலாலும் 25 ஆலும் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். சோறு வடித்த கஞ்சியோடு போகிற உப்பைக் கழிக்க வேண்டும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், பேக்கரிப் பாண் வழியாக வருவதைக் கூட்ட வேண்டும். துல்லியமாக வேண்டுமென்றால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோடியம் அளக்க வேண்டும். படம் கீற இந்தக் கணக்கே போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே.

நிலை அச்சில் 10 கிராமில் ஒரு கிடைக்கோடு இழுங்கள். பிரசர் எவ்வளவாக இருந்தாலும் நாம் சாப்பிடுகிற உப்பு அதேதான், அதனால்தான் இந்தக் கோடு தட்டையாகக் கிடக்கிறது.

இந்த இடத்தில் வயலில் நிற்கிற ஐயாமார் கட்டாயம் கேட்பார்கள்: "உப்பெல்லாம் வேர்வையில போயிடும்தானே, தம்பி?" கொஞ்சம் போகும்தான். ஆனால் நாள்தோறும் வெயிலில் வேலை செய்து பழகிய உடம்பின் வேர்வையில் உப்புக் குறைந்துவிடும். அல்டொஸ்டிரோன் என்ற ஓமோன் வேர்வைச் சுரப்பியிலும் உப்பை மிச்சம் பிடிக்கும். வேர்வையில் போனதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் கோடு கீறுங்கள், படத்தின் வடிவம் மாறாது.

படி 3: சிறுநீரகத்தின் கோடு

இனி முக்கியமானது. பிரசர் 50 அளவுக்கு இறங்கினால் சிறுநீரகம் கிட்டத்தட்ட ஒன்றையும் வெளியே விடாது. பிரசர் ஏற ஏற உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறும். இதுதான் பிரெசர் நேட்ரியூரெசிஸ்: அமுக்கம் தள்ளத் தள்ளச் சோடியம் கழிதல். சுகமான ஒருவருக்கு 91 இல் 5 கிராம், 93 இல் 10 கிராம், 95 இல் 15 கிராம் என்று மூன்று புள்ளி குத்தி இணையுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கோடு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் என்பது மட்டும் உண்மை.

சிறுநீரகம் இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரு நாளில் சுமார் 180 லீற்றர் திரவம் சிறுநீரகத்தில் வடிக்கப்படுகிறது. அதில் இருக்கிற உப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ! வெளியே போவது 10 கிராம் மட்டும். மிச்சமான 99.3 வீதத்தையும் சிறுநீரகக் குழாய்கள் திரும்ப உறிஞ்சிவிடுகின்றன. உறிஞ்சல் 99.0 ஆக இறங்கினாலே வெளியேறும் உப்பு 15 கிராமுக்குக் கிட்ட வந்துவிடும்.

பிரசர் ஏறும்போது வடிக்கும் அளவு பெரிதாக ஏறுவதில்லை, சிறுநீரகம் அதைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆனால் உள்மையவிழையத்தில் ஓடும் இரத்த நுண்குழாய்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பலவீனம். அங்கே குருதியோட்டம் கூடுகிறது, சிறுநீரகக் குழாய்களைச் சூழ்ந்த திரவத்தின் அமுக்கம் ஏறுகிறது, உறிஞ்சல் ஒரு சொட்டுக் குறைகிறது. அதோடு உப்புக் கூடினால் அஞ்சியோடென்சினும் அல்டொஸ்டிரோனும் இறங்கிக்கொடுக்கும். நாட்கணக்கில் கோடு அவ்வளவு செங்குத்தாக நிற்பதற்கு இந்த ஓமோன்களே பெரிய காரணம்.

படி 4: இரண்டும் வெட்டும் இடம்

கிடைக்கோடும் சிறுநீரகக் கோடும் 93 இல் வெட்டுகின்றன. வந்த உப்பும் போகிற உப்பும் அங்கே சமன். பிரசர் வேறெங்கும் நீண்டகாலம் நிற்க முடியாது.

நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாரியில் ஆறு கொண்டுவருகிற தண்ணீர் அளவுக்கு வான் பாயும் வரை குளத்து மட்டம் ஏறும். சமன் ஆனதும் அங்கேயே நிற்கும். வரத்துக் கூடினால் மட்டம் கொஞ்சம் ஏறி அதிகம் பாயும். வரத்தோடு சேர்ந்து மட்டத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வான்கட்டின் உயரம், அதன் அகலம்.

படி 5: படத்தைக் குழப்பிப் பார்த்தல்

இரத்தக் குழாய்கள் எல்லாம் திடீரென்று இறுகுகின்றன என்று வையுங்கள். பிரசர் 93 இலிருந்து 110 ஆகிறது. 110 இல் சிறுநீரகக் கோட்டைப் பாருங்கள்: தாளைத் தாண்டி மேலே போய்விட்டது. வரத்து 10 கிராம்தான், போக்கு பல மடங்கு. உப்புக் குறையும், நீர் குறையும், சில நாளில் பிரசர் பழைய 93 க்கே வந்துசேரும். சிறுநீரகத்தின் கோடு நகராதவரை இறுக்கம் மட்டும் பிரசரை நிரந்தரமாக ஏற்றாது என்பது கைட்டனின் வாதம்.

தலைகீழாகவும் பார்க்கலாம். மினொக்சிடில் என்ற மாத்திரை குழாய்களை நன்றாக விரிக்கும். அதைத் தனியாகக் கொடுத்தால் பிரசர் இறங்கும். சிறுநீரகம் உடனே உப்பைப் பிடிக்கத் தொடங்கும், கால் வீங்கும், இறங்கிய பிரசர் திரும்பவும் ஏறப் பார்க்கும். அதனால்தான் அதை நீர் போக்கும் மாத்திரையோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

படி 6: கோட்டை வலப்பக்கம் நகர்த்துதல்

இப்போது அந்த 154/94 காரரிடம் வரலாம். 55 வயதுக் கமக்காரர், வயிறு கொஞ்சம் வைத்திருக்கிறது, அதே 10 கிராம் உப்பு. அவருடைய சராசரி 114. சிறுநீரகக் கோட்டை அப்படியே பெயர்த்து, 10 கிராமுக்கு 114 வரும்படி வலப்பக்கம் கீறுங்கள். வான்கட்டை உயர்த்திக் கட்டியாயிற்று.

நான் படிப்பிக்கும்போது அதிகம் பிழைக்கிற கேள்வி இது: இவருடைய சிறுநீரில் நாளொன்றுக்கு எவ்வளவு உப்புப் போகும்? பாதிப்பேர் குறைவாகப் போகும் என்பார்கள். சரியான விடை 10 கிராம்தான். உப்பைத் தேக்கிக்கொண்டே இருந்தால் ஆள் வீங்கிவிடுவார். அவர் சமநிலையில்தான் இருக்கிறார். அந்த 10 கிராமை வெளியேற்ற அவருடைய சிறுநீரகத்துக்கு 114 தேவைப்படுகிறது. பிரசரைச் சும்மா இறக்கிவிட்டால் உப்புத் தேங்கும். உயர்ந்த பிரசர் சிறுநீரகத்தின் குறையை ஈடுசெய்கிறது என்றுகூடச் சொல்லலாம், இதயமும் மூளையும் அதற்கு விலை கொடுக்கின்றன.

கோடு ஏன் நகர்ந்தது? பெரும்பாலானோரில் ஒற்றைக் காரணம் அகப்படாது. அதைத்தான் முதன்மை உயர் குருதியமுக்கம் என்கிறோம். வயிற்றுக் கொழுப்பு, சிறுநீரகத்துக்குப் போகும் பரிவு நரம்புகளின் தூண்டல், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காத அஞ்சியோடென்சின், பிறக்கும்போதே குறைவாக இருந்த சிறுநீரகத்திகள், பரம்பரை, வயது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். காரணம் சிறுநீரகத்துக்குள் இருக்கலாம் என்பதற்கு நல்ல சாட்சி 1983 இல் வந்தது: நெடுநாள் உயர் பிரசரால் சிறுநீரகம் செயலிழந்த ஆறு பேருக்குச் சாதாரண பிரசர் உள்ளவர்களின் சிறுநீரகத்தைப் பொருத்தியபோது அவர்களுடைய பிரசர் வழமைக்கு வந்தது. இருந்தாலும் விவாதம் முடியவில்லை. தொடக்கம் இரத்தக் குழாயிலோ மூளையிலோ இருக்கிறது, சிறுநீரகம் பின்னால் இழுபடுகிறது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். என் பார்வையில், தொடக்கம் எங்கே இருந்தாலும் இந்தக் கோடு நகராமல் பிரசர் உயரத்தில் நிலைக்காது.

படி 7: உப்பைக் குறைத்தால்

கிடைக்கோட்டை 10 இலிருந்து 5 கிராமுக்கு இறக்குங்கள். கமக்காரரின் கோடு செங்குத்து மாறாமல் வலப்பக்கம் மட்டும் நகர்ந்திருந்தால் பிரசர் 114 இலிருந்து 112 க்குத்தான் வரும். அவருக்கு உப்பைக் குறைத்தும் பலன் தெரியவில்லை என்று அலுப்பு வரும். கோடு நகர்ந்ததோடு சரிந்தும் இருந்தால், அதாவது வான் ஒடுங்கியும் இருந்தால், அதே குறைப்பில் 107 க்கு இறங்கலாம். வயது போனவர்களிலும் சிறுநீரகத்திகளை இழந்தவர்களிலும் இந்தச் சரிவு அதிகம். ஆளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சில கிழமை குறைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

படி 8: மாத்திரை

தயசைட் மாத்திரை சிறுநீரகக் கோட்டை இடப்பக்கம் திருப்பி இழுக்கும். முதல் சில நாள் சிறுநீரில் உப்புக் கூடுதலாகப் போகும், நிறை கொஞ்சம் குறையும். அப்புறம் திரும்பவும் 10 வந்து 10 போகும், ஆனால் இப்போது குறைந்த பிரசரில். 'முதல்ல நல்லா ஒண்டுக்குப் போச்சு, இப்ப போகேல்ல, மருந்து வேலை செய்யேல்ல' என்று நிறுத்துகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நிறுத்தினால் கோடு பழைய இடத்துக்கே போகும், பிரசரும் அதன் பின்னால் போகும். எனலபிரில், லொசார்டன் போன்றவையும் அஞ்சியோடென்சினைத் தடுத்து அதே கோட்டைத்தான் இடப்பக்கம் இழுக்கின்றன.

எதிர்ப்பக்கம் தள்ளுகிற மாத்திரையும் உண்டு. அருவிவெட்டு முடிந்து நாரி நோகிறது என்று பார்மசியில் வாங்குகிற டைக்ளோபெனாக், சிறுநீரகத்தில் உப்பைக் கழிக்க உதவும் புரொஸ்டாகிளாண்டினைக் குறைத்துக் கோட்டை வலப்பக்கம் தள்ளும். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த பிரசர் காரணமில்லாமல் ஏறினால் கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

இந்தப் படம் பொருந்தாத ஓரிடம் இருக்கிறது. வவுனியாப் பக்கம் கமக்காரரிடையே காணப்படும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயில் பெரும்பாலும் முதலில் பழுதாவது குழாய்களும் அவற்றைச் சூழ்ந்த இழையமும். அதனால் நோய் தொடங்கி வெகுகாலம் பிரசர் வழமையாகவோ சற்றே கூடியோ இருக்கலாம். 120/80 என்பதை வைத்துச் சிறுநீரகம் சுகம் என்று அங்கே சொல்ல முடியாது; இரத்தத்தில் கிரியேற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும்.