கோள்கள் ஏன் ஒரே தட்டில், ஒரே பக்கமாகச் சுற்றுகின்றன? 25 வரி பைத்தானில் நாமே செய்து பார்க்கலாம்

எட்டுக் கோள்களும் சூரியனைச் சுற்றும் பாதைகளை ஒன்றாக வரைந்தால், கிட்டத்தட்ட ஒரு தட்டின்மேல் கோடு போட்ட மாதிரி இருக்கும். எட்டும் ஒரே பக்கமாகத்தான் போகின்றன. சூரியனின் வடபுறத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. "சூரியனும் கோள்களும் சுழலும் மேகத்திலிருந்து பிறந்தன, அதனால்தான்" என்று எல்லா இடத்திலும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எனக்கு ரொம்ப நாள் போதவில்லை. சுழன்றால் ஏன் தட்டையாக வேண்டும்? அதற்கான பதிலை இங்கே படிப்படியாகக் கட்டிப் பார்ப்போம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும், `numpy` இருக்க வேண்டும்.

படி 1: இது தற்செயல் இல்லை என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பூமியின் சுற்றுத்தளத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்ற கோள்களின் சாய்வு இப்படி: யுரேனஸ் 0.8 டிகிரி, வியாழன் 1.3, நெப்டியூன் 1.8, செவ்வாய் 1.85, சனி 2.5, வெள்ளி 3.4, புதன் 7. ஆக அதிகபட்சமே 7 டிகிரிதான்.

ஒரு பாதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கலாம் என்றால், அது 7 டிகிரிக்குள் விழுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? 7-ஐ 180-ஆல் வகுத்துவிடத் தோன்றும். அது தவறு. சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தாக ஓர் அம்பு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: வலது கை விரல்களைக் கோள் ஓடும் பக்கமாக மடக்கினால் கட்டைவிரல் காட்டும் திசைதான் அந்த அம்பு. அந்த அம்பின் முனை ஒரு கோளத்தின் பரப்பில் எங்கு வேண்டுமானாலும் தொடலாம், அதில் உச்சியைச் சுற்றியுள்ள 7 டிகிரித் தொப்பி மிகச் சிறியது. கோளத்தின் மொத்தப் பரப்பில் அதன் பங்கு:

```
(1 - cos 7°) / 2 = 0.0037
```

அதாவது ஏறத்தாழ 270-ல் ஒன்று. ஏழு கோள்களுக்கும் சேர்த்து இதை ஏழு தடவை பெருக்கினால், 1-க்குப் பின்னால் 17 சுழியம் போட்ட எண்ணில் ஒரு வாய்ப்பு. இதே மாதிரியான கணக்கைப் போட்டுத்தான் டேனியல் பெர்னூலி 1734-ல், இது தற்செயலாக இருக்க முடியாது, பின்னால் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தளமும் திசையும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிகின்றன, ஆனால் இந்த அம்புக்குள் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. எதிர்ப்பக்கமாகச் சுற்றும் கோளின் அம்பு கீழ்நோக்கி இருக்கும், சாய்வு 90 டிகிரிக்கு மேல் வரும். இனி இந்த ஓர் அம்பை வைத்தே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

படி 2: எது மாறாது, எது கரையும்

நிறை, சுற்றும் வேகம், மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கி வருவதை அந்த அம்புக்கு நீளமாகக் கொடுத்தால் அதுதான் கோண உந்தம். வாயுவும் தூசியும் கலந்த மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒவ்வொரு கட்டியும் ஒவ்வொரு பக்கம் அலைகிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. எல்லா அம்புகளையும் கூட்டினால் ஒரு மொத்த அம்பு வரும். மேகத்தை வெளியிலிருந்து யாரும் திருகாதவரை அந்த மொத்தம் மாறாது.

ஆற்றல் அப்படி இல்லை. இரண்டு வாயுக் கட்டிகள் மோதினால் அவற்றின் ஓட்டத்தில் ஒரு பகுதி வெப்பமாக மாறி, அகச்சிவப்பு ஒளியாக மேகத்தைவிட்டு வெளியே போய்விடும். போனது போனதுதான். எதிரெதிராக வந்த வேகங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, இரண்டுக்கும் பொதுவான வேகம் மட்டும் மிஞ்சுகிறது.

மோதல் நடக்காமல் தப்பிக்க முடியாதா என்று கேட்கலாம். மையத்தைச் சுற்றும் எந்த இரண்டு தளங்களை எடுத்தாலும், அவை மையத்தின் வழியே போகும் ஒரு கோட்டில் வெட்டிக்கொண்டே தீரும். அதனால் சாய்ந்த பாதையில் ஓடும் வாயு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை அடுத்தவரின் தளத்தைக் கடந்தாக வேண்டும். வாயு வாயுவை ஊடுருவிப் போகாது, மோதும்.

படி 3: எழுதி ஓட்டுங்கள்

சம நிறையுள்ள இரண்டு கட்டிகள் ஓர் இடத்தில் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டின் அம்புகளும் அவற்றின் சராசரியாக மாறும். இந்த ஒரே விதியைத்தான் கீழே 2000 கட்டிகளுக்குத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

```python
import numpy as np

rng = np.random.default_rng(7)
N = 2000
L = rng.normal(size=(N, 3))
L[:, 2] += 0.5

def tilt(L):
    total = L.sum(axis=0)
    total = total / np.linalg.norm(total)
    c = (L @ total) / np.linalg.norm(L, axis=1)
    c = np.clip(c, -1, 1)
    return np.degrees(np.arccos(c))

for n in range(13):
    a = tilt(L)
    print(n,
          L.sum(axis=0).round(1),
          a.mean().round(1),
          (a > 90).mean().round(3))
    rng.shuffle(L)
    m = (L[0::2] + L[1::2]) / 2
    L[0::2] = m
    L[1::2] = m
```

`L` என்பது 2000 அம்புகள். `rng.normal` அவற்றை நாலா பக்கமும் சிதறவிடுகிறது; அடுத்த வரியில் உள்ள 0.5 மட்டும் எல்லாவற்றுக்கும் மேல்நோக்கி ஒரு சின்னச் சாய்மானம் கொடுக்கிறது. மேகத்தின் மெல்லிய சுழற்சி அதுதான். `tilt` ஒவ்வோர் அம்பும் மொத்த அம்பிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று சொல்லும்.

படி 4: வந்த எண்களைப் படியுங்கள்

ஒவ்வொரு வரியிலும் முதலில் சுற்று எண், அப்புறம் மொத்த அம்பின் மூன்று கூறுகள், அப்புறம் சராசரிச் சாய்வு, கடைசியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுபவற்றின் பங்கு.

தொடக்கத்தில் சராசரிச் சாய்வு 70 டிகிரியை ஒட்டி இருக்கும், பத்தில் மூன்று கட்டிகள் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது இந்த மேகத்தைப் பார்த்தால் அதில் ஒழுங்கு இருப்பதாகவே தோன்றாது. நான்கு சுற்று மோதல் முடிந்ததும் எதிர்ப்பக்கம் ஓடுபவை நூற்றுக்கு இரண்டு, மூன்றாகக் குறைந்திருக்கும். ஆறாவதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது, ஆனால் சாய்வு இன்னும் 17, 18 டிகிரி இருக்கும். பன்னிரண்டாவதில் சாய்வு 2 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்த இடம். முதலில் திசை ஒன்றாகிறது, தட்டையாவது அதற்குப் பின்னால்தான். ஆனால் இரண்டுக்கும் வேலை செய்தது ஒரே மோதல்தான். இதற்கிடையில் மொத்த அம்பின் மூன்று கூறுகளைப் பாருங்கள், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அதே எண்கள். அது மாறினால் உங்கள் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது, மற்ற எண்களை நம்பாதீர்கள்.

"சுழற்சி வெளியே தள்ளித் தட்டையாக்குகிறது" என்று சிலர் விளக்குவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சுழற்சி, தளத்துக்குள் இருக்கும் வாயு மையத்தில் விழுந்துவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மேலிருந்தும் கீழிருந்தும் விழும் வாயுவைத் தடுக்கச் சுழற்சியால் முடியாது, அது விழுந்து நடுவில் மோதி, வேகத்தை வெப்பமாக இழந்து அங்கேயே தங்குகிறது. ஒரு பக்கம் சுருங்கத் தடை, இன்னொரு பக்கம் தடையில்லை. மிஞ்சுவது தட்டு.

படி 5: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

முதலில் கடைசி மூன்று வரிகளை நீக்குங்கள், அதாவது மோதல் இல்லை. சாய்வு எத்தனை சுற்றானாலும் அதே 70-ஐ ஒட்டியே நிற்கும். விண்வெளியில் இதற்கு நல்ல உதாரணம் கோளக் கொத்துகள்: லட்சக்கணக்கான விண்மீன்கள், ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேல் வயது, இன்னும் உருண்டையாகவே இருக்கின்றன. விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிது, அதனால் குறுக்கு வேகத்தை இழக்க அவற்றுக்கு வழியே இல்லை.

அடுத்து, மூன்று வரிகளையும் திரும்பப் போட்டுவிட்டு, 0.5-ஐ 0 ஆக்குங்கள். தட்டே வராது என்று எதிர்பார்ப்பீர்கள். `range(13)`-ஐ `range(22)` ஆக்கி ஓட்டிப் பாருங்கள், வரும். 2000 அம்புகள் தற்செயலாகச் சிதறினால் அவற்றின் கூட்டுத்தொகை மிகச் சரியாகச் சுழியம் ஆவதில்லை, ஏதோ ஒரு திசையில் சின்ன மிச்சம் இருக்கும், கடைசியில் எல்லாம் அந்த மிச்சத்தையே பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய எட்டுச் சுற்று கூடுதலாக ஆகும். ஆகவே மேகத்துக்கு யார் முதல் சுழற்சியைக் கொடுத்தது என்ற கேள்விக்குத் தனி விடை தேட வேண்டியதே இல்லை. ஆனால் இதில் ஒரு விலை உண்டு: ஒரு கட்டிக்குக் கிடைக்கும் கோண உந்தம் சுமார் 14 மடங்கு குறைந்துவிடுகிறது, வட்டப் பாதையின் ஆரம் கோண உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் தட்டு ஏறத்தாழ 200 மடங்கு சிறியதாக வரும்.

இந்த நிரல் எதைச் சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். கட்டிகள் மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று இது பார்ப்பதில்லை, யாரோடு யார் மோதினாலும் சரி என்று விட்டுவிடுகிறது. அதனால் கடைசியில் எல்லா அம்புகளும் நீளத்திலும் ஒன்றாகிவிடும். நிஜத்தில் அருகருகே இருப்பவைதான் மோதும், அதனால்தான் புதனும் நெப்டியூனும் வேறு வேறு தூரத்தில் நிற்க முடிகிறது. அதோடு வாயுவின் வெப்ப அழுத்தம் தட்டைக் கொஞ்சம் தடிமனாகவே வைத்திருக்கும், சாய்வு சுழியத்துக்குப் போகாது.

படி 6: வானத்தோடு ஒப்பிடுங்கள்

காண்ட் 1755-லும் லாப்லாஸ் 1796-லும் இந்தத் தட்டை யூகித்தார்கள், பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிகிறது. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி 2014-ல், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் உள்ள எச்எல் டவ்ரி என்ற இளம் விண்மீனைப் படம் எடுத்தது. சுற்றிலும் தட்டையான தூசித் தட்டு, அதில் வட்ட வட்டமாக இருண்ட இடைவெளிகள்.

நம் குடும்பத்தில் ஒத்துவராதவற்றையும் இந்த அம்பை வைத்தே படிக்கலாம். யுரேனஸ் 98 டிகிரி சாய்ந்து கிடக்கிறதே என்பார்கள். அது தன்னைத்தானே சுற்றும் அச்சின் சாய்வு, அதன் பாதை வெறும் 0.8 டிகிரிதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புளூட்டோவின் பாதை 17 டிகிரி.

ஹாலி வால்மீனுக்கு 162 டிகிரி, நம் நிரல் அதைக் கடைசி எண்ணில் சேர்த்திருக்கும். இப்படிப்பட்ட வால்மீன்களும் அதே தட்டில் உருவானவையாகத்தான் கருதப்படுகின்றன. பெரிய கோள்களின் ஈர்ப்பு அவற்றை வெகுதூரம் வீசியெறிந்தது, அங்கே கடந்துபோகும் விண்மீன்களும் பால்வெளியின் ஈர்ப்பும் அவற்றின் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பின. திருப்பியதைச் சரிசெய்ய வேண்டுமானால் வாயுவோடு மோத வேண்டும், அந்த வாயு சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே கலைந்துபோய்விட்டது.