வாட்டர்கலரில் புகை: ஓரம் வானில் கரைய

வானத்துக்கு வண்ணம் பூசியதும் தாளைச் சாய்த்துப் பாருங்கள். நீரின் பளபளப்பு மங்கி, தொட்டால் தாள் இன்னும் சில்லென்று இருக்கும் நேரம்தான் புகைக்குச் சரியான நேரம். சுத்தமான தூரிகையை நனைத்து, துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். புகைபோக்கியின் வாயிலிருந்து மெல்லிய கோடாகத் தொடங்கி, காற்று வீசும் பக்கம் வளைத்து, மேலே போகப்போக அகலமாக்கி வண்ணத்தை உறிஞ்சி எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தூரிகையைக் கழுவி ஒற்றுவது முக்கியம். இல்லாவிட்டால் எடுத்த வண்ணம் திரும்பவும் படியும். மேல்நுனியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் புகை தானாகவே வானில் கரையும்.

தூரிகையில் தாளைவிட ஈரம் அதிகமிருந்தால், நீர் பரவிப் பூக்கோசு போல விளிம்பு கட்டிவிடும். வெளிறிய வானத்தில் உறிஞ்சினால் எதுவும் தெரியாது. அங்கே அதே ஈரத்தில் கெட்டியான சாம்பல்நீலத்தைத் தொட்டு வையுங்கள்.