ஒரே விளம்பரத்தில் இரண்டு வேலை: மதிப்பெண் போடும் முன் கவனிக்க வேண்டியவை

கணக்குப் பிரிவில் வேலை தேடும் பிள்ளைகள் விளம்பரத்தோடு என்னிடம் வருவார்கள். தேவைகளை வரிசையாக எழுதி, தெரிந்ததற்கெல்லாம் டிக் போட்டு, "பத்துக்கு எட்டு சார்" என்பார்கள். ரெஸ்யூமில் எழுத்துப்பிழை மாதிரி விஷயங்களை விடுங்கள், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இப்படி மதிப்பெண் போடும்போது செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லா வரிக்கும் ஒரே எடை போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். கோவையில் ஒரு விளம்பரம்: ஜூனியர் அக்கவுண்டன்ட், அனுபவம் 0 முதல் 2 வருடம், சம்பளம் 16,000. வேலைகள் என்று பார்த்தால் டேலியில் வவுச்சர் பதிவு, பில் போடுவது, பேங்க் ரீகன்சிலியேஷன், எக்செல் என்று எட்டு வரி. நடுவே இரண்டு வரி மட்டும் வேறு மாதிரி: மாதாமாதம் GSTR-3B என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல், வருடக் கணக்கை முடித்து ஆடிட்டருக்குப் பதில் சொல்வது. பி.காம் முடித்த ஒரு பெண் இதற்குத்தான் எட்டு போட்டிருந்தாள். அவளுக்குத் தெரியாதவை சரியாக அந்த இரண்டும்.

வவுச்சரில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். தாக்கல் செய்த 3B-யைத் திரும்ப எடுத்துத் திருத்த முடியாது. பின்வரும் மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும், வரி குறைந்திருந்தால் வட்டியும் சேரும். அந்த இரண்டு வரியும் சீனியர் நாற்காலி. சம்பளம் மட்டும் ஜூனியருக்கு.

அதனால் முதலில் பதவியையும் சம்பளத்தையும் கையால் மறைத்துவிட்டு, வேலைகளை மட்டும் படியுங்கள். யாருக்கோ உதவும் வரிகள் எவை, நீங்களே முடித்துப் பதில் சொல்ல வேண்டியவை எவை என்று பிரியுங்கள். இரண்டாவது வகை இருந்து, மேலே சரிபார்ப்பவர் யார் என்ற பேச்சே இல்லையென்றால் போன் போட்டு ஒன்று கேளுங்கள்: "போன மாதம் 3B போட்டது யார்?" ஆடிட்டர் ஆபீஸ்தான் போடுகிறது என்றால், எங்கிருந்தோ ஒட்டிய வரியாக இருக்கலாம். ஜூனியர் வேலைக்கே மதிப்பெண் போடலாம்.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில் வேறு. "பார்த்துட்டு இருந்தவர் போயிட்டாரும்மா, ரெண்டு மாசமா நிக்குது." போனவருடைய வேலை, புதுசாக வருபவருக்கான பட்ஜெட். இங்கே அந்த இரண்டு வரிக்கு மட்டும்தான் மதிப்பெண். இரண்டுக்குப் பூஜ்யம்.

"0–2 வருடம்" என்பதை நம்புவது

அந்தக் கட்டத்தை நிரப்பியவரும் வேலைகளை எழுதியவரும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை.

"சம்பளம் பேசிக்கொள்ளலாம்"

முதல் போனிலேயே பேசுங்கள்.

கற்றுக்கொள்ளலாம் என்று தலையாட்டுவது

கற்றுத்தர ஆள் இருந்தால் சரி. தாக்கலுக்கு முன் ஆடிட்டர் பார்த்துத் தருவார் என்று மெயிலில் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்கினால் அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.