பெட்டியின் உள்ளளவு குறைந்தால் சப்ளையருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். ஓசூர்க் கடைகளுக்குப் பிஸ்கட் டப்பா அனுப்ப 12×12×9 இஞ்ச் உள்ளளவில் 3 பிளை அட்டைப்பெட்டி 500 வாங்கினேன். ஒரு பெட்டிக்கு 18 டப்பா என்பது கணக்கு. அடுக்கினால் 300×300×225 மி.மீ. வரும். வந்த பெட்டியில் பக்கவாட்டில் டப்பா பிதுங்கியது, மேல் மடிப்பு மூடவே இல்லை.

முதலில் அளக்க வேண்டும். நான் சறுக்கியதும் இங்கேதான். மடித்த பெட்டியைத் தரையில் விரித்து மடிப்புக் கோட்டிலிருந்து கோடு வரை அளந்து சப்ளையரிடம் போனில் சொன்னேன், "அது உள்ளளவே இல்லைங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். பெட்டியை நிறுத்தி, அடியை டேப் ஒட்டி மூடிய பிறகுதான் அளக்க வேண்டும். இஞ்ச் டேப் மூலையில் வளைந்து ஏமாற்றும், எனக்கு அது ஆகாது. கெட்டி அட்டையில் ஒரு பட்டை வெட்டி, சுவருக்குச் சுவர் இறுக்கமில்லாமல் பொருந்தும்வரை நறுக்கி, வெளியே எடுத்து ஸ்டீல் ஸ்கேலில் அளந்தேன். வெவ்வேறு பண்டலிலிருந்து பத்துப் பெட்டி போதும்.

எனக்குக் கிடைத்தது 299×299×217 மி.மீ. கேட்ட 12×12×9 இஞ்ச் என்பது 305×305×229 மி.மீ. குறைவு 6, 6, 12. அட்டை கனம் 3 மி.மீ.; நீள அகலத்தில் இரண்டு சுவர், உயரத்தில் மேலும் கீழும் இரட்டை மடிப்பாக நான்கு அட்டை. அதாவது நான் சொன்ன அளவை வெளியளவாக வைத்து வெட்டிவிட்டார்கள். இந்தக் கணக்கைக் கடிதத்தில் போட்டதும் வாக்குவாதம் நின்றது.

கடிதம் இவ்வளவுதான் (ஆர்டர் நகலையும் பட்டை உள்ளே இருக்கும் படத்தையும் சேர்த்தேன்):

"ஐயா, வணக்கம். எங்கள் ஆர்டரில் 'உள்ளளவு 12×12×9 இஞ்ச்' என்று இருக்கிறது. வந்த 500 பெட்டியில் பத்தை அளந்தோம், உள்ளே 299×299×217 மி.மீ. இருக்கிறது. ஆர்டர் அளவு வெளியளவாக வெட்டப்பட்டதாகத் தெரிகிறது. 40 பெட்டி பயன்படுத்திவிட்டோம், அதற்குப் பணம் தருகிறோம். மீதி 460 அப்படியே இருக்கிறது. அவற்றை எடுத்துக்கொண்டு சரியான அளவில் பத்து நாளுக்குள் மாற்றித் தரவும், அல்லது அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் போடவும்."

பில் எண்ணையும் தேதியையும் மேலே போடுங்கள். குறை தெரிந்த பிறகு ஒரு பெட்டியைக்கூட எடுக்காதீர்கள், "ஓட்டிட்டீங்களே" என்பார்கள்.

பின்சேர்க்கை: "ஆர்டரில் வெறும் 12×12×9 என்றுதான் எழுதினேன், என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது வெளியளவு என்று சப்ளையர் சாதித்தால் மறுக்கக் கையில் எழுத்து இல்லை; பாதி விலைக்காவது பேசிப் பார்க்கலாம். நான் இப்போது மி.மீ.-இல் 'உள்ளளவு' என்று எழுதி, 18 டப்பாவையும் கொடுத்தனுப்பி, மாதிரிப் பெட்டியில் அடுக்கி மூடிக் காட்டிய பிறகே மீதியை வெட்டச் சொல்கிறேன்.