"எப்ப வேணாலும் வர்றேன் மேடம்": மாக் இன்டர்வியூ கேட்கும்போது செய்யும் தவறுகள்

கேரள எல்லைப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் கோவைக்கு வந்து படிக்கும் ஒரு இறுதியாண்டு மாணவி, போன வருடம் ஒரு திங்கட்கிழமை மாலை எனக்கு மெசேஜ் அனுப்பினாள். "மேடம், பிளேஸ்மென்ட் வருது. மாக் இன்டர்வியூ எடுக்க முடியுமா? எப்ப வேணாலும் வர்றேன்." கம்பெனி ஆள் எடுக்க வரும் டிரைவ் என்றைக்கு என்று அதில் இல்லை. கேட்டால், நாளை மறுநாள் என்றாள்.

"நாளைக்கு ஆறு மணி?" என்றேன். ஐந்தரை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்றாள். காலை ஒன்பது கேட்டேன், அவளுக்கு லேப். மதியம் எனக்கு வேறு கல்லூரியில் வகுப்பு. இப்படியே நாலைந்து மெசேஜ் போய், கடைசியில் மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனில் பேசுவதாக முடிவானது. ப்ராஜெக்ட்டை விளக்கச் சொன்னேன். பாதியில், வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கம் சிக்னல் போய்விட்டது. பேசியது பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அவள் திறமைக்கு அது போதவே போதாது, எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை.

"எப்ப வேணாலும்" என்பது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அது உண்மையில்லை. பஸ், லேப், ரெக்கார்டு நோட்டு எல்லாம் உங்களுக்கு இருக்கிறது. அதையெல்லாம் தெரியாத ஆளிடம் நேரத்தைத் தேடும் வேலையைக் கொடுத்துவிடுகிறீர்கள். நீங்களே மூன்று நேரங்களைச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே நாளில் வேண்டாம், அந்த நாள் எனக்கு ஒத்துவராவிட்டால் மூன்றும் போய்விடும். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். "வர்ற வெள்ளி" என்று எழுதினால் எந்த வெள்ளி என்று ஒரு மெசேஜ் வீணாகும், அதனால் தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும்.

அடுத்த தவறு, கடைசி நேரத்தில் கேட்பது. ஒரு மாக் இன்டர்வியூவுக்கு நான் 45 நிமிடம் ஒதுக்குவேன். 25 நிமிடம் கேள்வி, மிச்சம் 20 நிமிடம் எங்கே தடுமாறினீர்கள் என்று பேசுவதற்கு. அந்த 20 நிமிடத்தில் சொன்னதைத் திருத்திப் பழக மூன்று நான்கு நாளாவது வேண்டும். முடிந்தால் அதற்குப் பிறகு இன்னொரு சின்ன மாக். டிரைவுக்கு முந்தைய நாள் குறை சொன்னால் திருத்த நேரமில்லாமல் பயம்தான் கூடும். ஆகவே முதல் மாக் டிரைவுக்கு ஒரு வாரம் முன்னால் வரும்படி, பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள்.

அதே மாணவி இரண்டாவது டிரைவுக்கு, எட்டாம் தேதியே இப்படி எழுதினாள்:

"வணக்கம் மேடம். 20ஆம் தேதி புதன்கிழமை எங்களுக்கு டிரைவ். ஆப்டிட்யூட் டெஸ்ட், அப்புறம் டெக்னிக்கல், ஹெச்ஆர். டெக்னிக்கல் ரவுண்டுக்கு 45 நிமிட மாக் இன்டர்வியூ வேண்டும். ப்ராஜெக்ட்டை ஆங்கிலத்தில் விளக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறேன். எனக்கு முடியும் நேரங்கள்: 12 செவ்வாய் மதியம் 1:15–2:00 (நேரில்), 13 புதன் மாலை 4:15–5:00 (நேரில்), 16 சனி காலை 10:00–10:45 (வீட்டிலிருந்து வீடியோ கால்). ரெஸ்யூமேயும் கம்பெனி அனுப்பிய வேலை விவரமும் இணைத்திருக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது, முடித்துவிட்டேன்."

"13 மாலை சரி" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஐந்து மணிக்கு முடிந்தால் ஐந்தரை பஸ்ஸும் தப்பாது.

அதில் எனக்கு ரொம்ப உதவியது "பாதியில் நின்றுவிடுகிறேன்" என்ற வரி. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் பலர் இதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மறைத்தால் நான் பொதுவான கேள்விகளையே கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்னதால், 25 நிமிடத்தில் பாதியை ப்ராஜெக்ட்டுக்கே கொடுத்தேன். ஒரே விளக்கத்தை மூன்று முறை சொல்லவைத்தேன். மூன்றாவது முறை, மறந்த ஆங்கில வார்த்தைக்காக நிற்காமல் தெரிந்த வார்த்தையை வைத்தே சென்சாரிலிருந்து டிஸ்ப்ளே வரை போய்ச் சேர்ந்தாள். அரியரையும் முன்பே சொன்னதால் அந்தக் கேள்விக்கும் பதில் பழக முடிந்தது.

பதில் வரும்வரை மூன்று நேரத்தையும் காலியாக வைத்திருங்கள். ஒன்று உறுதியானதும் மற்ற இரண்டை விட்டுவிடலாம். வீடியோ கால் என்றால், எந்த அறையில் உட்காரப் போகிறீர்களோ அங்கிருந்தே முந்தைய நாள் ஒரு நண்பருக்கு அழைத்துப் பாருங்கள். எல்லைப் பக்கத்து ஊர்களில் திண்ணையில் கிடைக்கும் சிக்னல் உள் அறையில் கிடைப்பதில்லை.

வர முடியாமல் போனால் முந்தைய நாள் மாலைக்குள் சொல்லுங்கள், அந்த மெசேஜிலேயே வேறு இரண்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள்.